மின்தேக்கி மதிப்பு பிசகிய சுற்றைச் சரிசெய்தல்: அறிகுறியிலிருந்து அலகுக்கு

வரைபடத்தைப் பார்த்துப் பொருத்திய சுற்று எதிர்பார்த்தபடி இயங்காதபோது, மின்தேக்கி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அதன் மதிப்பைச் சரியாகப் படித்தோமா என்று பார்க்க வேண்டும். கேரள-தமிழ்நாடு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் பகுதிகளில் இந்த வேலை செய்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நம் கைக்கு வரும் வரைபடங்களில் சில பழைய ஆங்கில இதழ்களின் நகல்கள். சில வகுப்புகளில் கொடுத்த தாள்கள். சில கிட் பெட்டிகளோடு வந்தவை. பாகங்களைப் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ வாங்குகிறோம். ஆகவே ஒரே மின்தேக்கி வரைபடத்தில் `.01` என்றும், வேறொரு தாளில் `10n` என்றும், கடைக்காரரின் டப்பாவில் `103` என்றும் எழுதப்பட்டிருக்கும். மூன்றும் ஒன்றே என்று தெரிந்துகொள்ளாமல் பொருத்தினால் சுற்று பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ தவறிப்போகும்.

அந்த மடங்குதான் பிழையைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியமான தடயம். அலைவெண்ணோ நேரமோ பத்து மடங்கு தவறியிருந்தால், பெரும்பாலும் ஒரு பூஜ்யமோ ஒரு புள்ளியோ தவறிவிட்டது என்று பொருள். ஆயிரம் மடங்கு தவறியிருந்தால் அலகே மாறிவிட்டது. இரண்டு மடங்கிற்கும் குறைவான வேறுபாடு என்றால் அது பெரும்பாலும் படித்ததில் வந்த பிழையன்று; வேறு இடத்தில் தேட வேண்டும். கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியையும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கப்போகிறோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

வரைபடத்தில் உள்ள மதிப்பைப் பிக்கோஃபாரடாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோ, நானோ, பிக்கோ என்ற மூன்று அலகுகளில் பிக்கோவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு: செராமிக், பாலியெஸ்டர் மின்தேக்கிகளின் உடலில் அச்சிடப்படும் மூன்று இலக்கக் குறியீடு பிக்கோஃபாரடில்தான் இருக்கிறது. மைக்ரோவிலிருந்து நானோவுக்கு வரப் புள்ளியை மூன்று இடம் வலப்புறம் நகர்த்த வேண்டும். நானோவிலிருந்து பிக்கோவுக்கு இன்னும் மூன்று இடம்.

```
1 µF = 1000 nF = 1000000 pF
0.01 µF = 10 nF = 10000 pF  ->  103
0.1 µF  = 100 nF = 100000 pF ->  104
```

குறியீட்டில் முதல் இரண்டு இலக்கங்களை அப்படியே எழுதி, மூன்றாம் இலக்கம் எத்தனை என்கிறதோ அத்தனை பூஜ்யங்களை அதன் பின்னால் சேர்க்க வேண்டும். `103` என்றால் 10, அதன் பின்னால் மூன்று பூஜ்யங்கள். அதாவது 10000 பிக்கோஃபாரட். `472` என்றால் 47, பின்னால் இரண்டு பூஜ்யங்கள். 4700 பிக்கோஃபாரட், அதாவது 4.7 நானோஃபாரட். எழுதிய பின் அந்தத் தாளை வேலை முடியும்வரை மேசையிலேயே வைத்திருங்கள். மனக்கணக்காகச் செய்யும்போதுதான் புள்ளி ஓரிடம் தள்ளிப் போகிறது.

அறிகுறி: ஒலி வருகிறது, ஆனால் மிகத் தாழ்வாகவோ மிகக் கூர்மையாகவோ வருகிறது

இந்த அறிகுறியைச் சற்று விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகமாகச் செய்யப்படும் சிறிய சுற்றுகளில் ஒன்று மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் ஒலி எழுப்பும் எச்சரிக்கைச் சுற்று. அதில் 555 ஐசி ஒன்று ஒலியை உண்டாக்கும். அதன் அலைவெண்ணை இரண்டு மின்தடைகளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

```
f = 1.44 / ((R1 + 2 x R2) x C)
R1 = 10 k, R2 = 68 k, C = 10 nF
f = 1.44 / (146000 x 0.00000001) = 986 Hz
```

வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு தம்பி இந்தச் சுற்றைப் பழைய நகல் ஒன்றைப் பார்த்துப் பொருத்தினார். வரைபடத்தில் மின்தேக்கிக்கு அருகில் `.01` என்று மட்டும் இருந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது நடுவிலிருந்த பூஜ்யம் விடுபட்டு "பாயிண்ட் ஒன்" என்று கடைக்காரரின் காதில் விழுந்திருக்கிறது. வந்த மின்தேக்கியில் `104` என்று இருந்தது. சுற்றுக்கு மின்சாரம் கொடுத்ததும் ஸ்பீக்கரில் கூர்மையான ஒலிக்குப் பதிலாக உறுமல் போன்ற ஒலி வந்தது. "அண்ணா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்குமோ?" என்று கேட்டார். அவ்வாறு தோன்றுவது இயல்புதான், ஏனென்றால் சிறிய ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைத் தெளிவாகத் தர இயலாது. அது அதிர்வாகவே வெளிப்படும்.

இந்த இடத்தில் ஸ்பீக்கரை மாற்றாமல் அலைவெண்ணை அளக்க வேண்டும். மல்டிமீட்டரில் `Hz` நிலை இருந்தால் 555 ஐசியின் 3ஆம் காலில் வைத்துப் பார்க்கலாம். மீட்டர் ஏறத்தாழ 99 காட்டியது. எதிர்பார்த்தது 986. பத்தில் ஒரு பங்கு. அலைவெண் பத்து மடங்கு குறைந்திருக்கிறது என்றால் மின்தேக்கியின் மதிப்பு பத்து மடங்கு கூடியிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் எதிர்விகிதத்தில் இருக்கின்றன. 10000 பிக்கோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 100000 இருக்கிறது. `103`க்குப் பதிலாக `104` பொருத்தப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கு முடிந்த பிறகு பாகத்தின் உடலைப் பார்த்தால் போதும், அதைக் கழற்றி அளக்க வேண்டிய தேவைகூட இல்லை.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பத்து மடங்குப் பிழை மின்தடையிலிருந்தும் வரலாம். 68 கிலோ ஓமுக்கு நீலம், சாம்பல், ஆரஞ்சு. 680 கிலோ ஓமுக்கு நீலம், சாம்பல், மஞ்சள். மங்கிய வெளிச்சத்தில் ஆரஞ்சையும் மஞ்சளையும் மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, அப்போதும் இதே போன்ற உறுமல்தான் வரும். ஆகவே மின்தேக்கியைப் பிடுங்குவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, மின்தடையின் ஒரு காலை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். இந்த வேலையில் மின்தடை சரியாக இருந்தது. `103` பொருத்திய பின் ஒலி எதிர்பார்த்த இடத்துக்கு வந்தது.

இதே சுற்றில் `102` பொருத்தியிருந்தால் அலைவெண் 9860 ஆகியிருக்கும். அது காதைத் துளைக்கும் கீச்சொலியாகக் கேட்கும். வயதானவர்களுக்கு அது மிக மெல்லியதாகவே கேட்கக்கூடும், ஆகவே "சுற்று ஊமையாகிவிட்டது" என்று அவர்கள் சொன்னால் அதையே இறுதியாகக் கொள்ள வேண்டாம். மீட்டர் இல்லாதவர்கள் காதாலேயே மடங்கை ஓரளவு மதிப்பிடலாம். இசை பழகியவர்களுக்கு இது எளிது: ஒரு ஸ்தாயி ஏறினால் அலைவெண் இரண்டு மடங்கு, மூன்று ஸ்தாயி என்றால் எட்டு மடங்கு. ஆகவே பத்து மடங்கு என்பது மூன்று ஸ்தாயிக்குச் சற்று மேல்.

கடைக்குச் சொல்லும்போது "பாயிண்ட்" என்று வாயால் சொல்வதைத் தவிர்த்து, தாளில் `103` என்று எழுதிக் கொடுப்பதோ செய்தியாக அனுப்புவதோ நல்லது. எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்திலும் அந்தப் பக்கம் தமிழிலும் பேசினாலும், குறியீட்டை எழுதிக் காட்டினால் அது எந்தக் கடையிலும் ஒரே பாகத்தைத்தான் எடுத்துத் தரும்.

அறிகுறி: டைமரில் வினாடிக்கணக்கில் நிற்க வேண்டிய ரிலே, ஒரு சொடுக்கோடு விட்டுவிடுகிறது

இங்கே மடங்கு மிகப் பெரிது, ஆகவே அலகைச் சந்தேகிக்க வேண்டும். 555 ஐசியை ஒருமுறை மட்டும் இயங்கும் டைமராக அமைக்கும்போது நேரத்தைத் தருவது `T = 1.1 x R x C`. 1 மெகா ஓமும் 10 மைக்ரோஃபாரடும் இருந்தால் 11 வினாடி. அதே இடத்தில் 10 நானோஃபாரட் இருந்தால் 11 மில்லிவினாடி. ரிலே இழுபடும் நேரமே சில மில்லிவினாடிகள் என்பதால், அது சேர்ந்த உடனே விட்டுவிடும்.

இந்தப் பிழைக்கான காரணம் பெரும்பாலும் வரைபடத்தில் அலகு எழுதாமல் `10` என்று மட்டும் இருப்பதுதான். பழைய வரைபடங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு: ஒன்றுக்குக் குறைவான தசம எண் மைக்ரோஃபாரட், ஒன்றும் அதற்கு மேற்பட்ட முழு எண்ணும் பிக்கோஃபாரட். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் அது குறிப்பாக எழுதப்பட்டிருக்கும், நகலெடுக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த வழக்கத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது: மின்தேக்கியின் குறியில் கூட்டல் அடையாளம் இருந்தால் அது எலக்ட்ரோலிட்டிக் வகை, அங்கே `10` என்றால் 10 மைக்ரோஃபாரட். கூட்டல் அடையாளம் இல்லாத `10`, அதே தாளில் 10 பிக்கோஃபாரட். ஆகவே எண்ணைப் படிப்பதற்கு முன்னால் குறியைப் பார்க்க வேண்டும்.

கூட்டல் அடையாளமும் மங்கிவிட்டிருந்தால், அந்த இடத்தின் வேலையைக் கேட்டுப் பாருங்கள். வினாடிக்கணக்கான தாமதம், மின்வழங்கியின் வடிகட்டல் ஆகிய இடங்களில் மைக்ரோ. படிகம் இருக்கும் இடத்தில் பிக்கோ. நானோ இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வேலைகளுக்கு.

இதோடு சேர்ந்தது `mF`, `MF`, `mfd` ஆகியவை. கண்டிப்பாகப் பார்த்தால் சிறிய `m` மில்லியைக் குறிக்கும், ஆனால் பழைய தாள்களிலும் பாகங்களிலும் இவை மூன்றும் மைக்ரோஃபாரடைத்தான் குறிக்கின்றன. சீலிங் ஃபேன் மின்தேக்கியை நாம் எல்லோரும் "ரெண்டரை எம்.எஃப்.டி." என்றே கேட்டு வாங்குகிறோம்; அது 2.5 மைக்ரோஃபாரட். சில தாள்களில் `µ` என்ற எழுத்து, எழுத்துரு மாறியதால் `m` ஆக அச்சாகியிருக்கும். இன்னும் பழைய வானொலி வரைபடங்களில் `mmfd` என்றோ `µµF` என்றோ வரும். மைக்ரோவின் மைக்ரோ என்பதால் அது பிக்கோஃபாரட். `mfd` என்று எண்ணி அதைப் பொருத்தினால் பத்து லட்சம் மடங்கு தவறிவிடும்.

அறிகுறி: மைக்ரோகண்ட்ரோலர் இயங்கத் தொடங்கவே இல்லை

படிகத்தின் இரண்டு கால்களிலும் உள்ள சிறிய செராமிக் மின்தேக்கிகளைப் பாருங்கள். வரைபடத்தில் `22p` என்று இருக்கும். இதற்குரிய பாகத்தின் உடலில் `22` என்றோ `220` என்றோ இருக்கலாம், இரண்டும் 22 பிக்கோஃபாரட்தான், ஏனென்றால் `220` என்பதில் மூன்றாம் இலக்கம் பூஜ்யம்; சேர்க்க வேண்டிய பூஜ்யம் எதுவும் இல்லை. `220` என்பதைப் பார்த்து "இது 220 பிக்கோ, தவறான பாகம்" என்று ஒதுக்கிவிட்டு, வேறொன்றைத் தேடிப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். 220 பிக்கோஃபாரடின் குறியீடு `221`. இதைப் பொருத்தினால் படிகம் தொடங்காமல் போகலாம், அல்லது சில நேரம் தொடங்கிச் சில நேரம் நின்றுபோகலாம். `223` பொருத்தினால் அது 22 நானோஃபாரட்; படிகத்தின் அதிர்வு முழுவதையும் அது தரைக்கம்பிக்கே விட்டுவிடும், சுற்று எப்போதும் தொடங்காது.

அறிகுறி: ஆம்ப்ளிஃபயரில் பாட்டு கேட்கிறது, ஆனால் அடிநாதம் இல்லை

உள்ளீட்டில் இருக்கும் இணைப்பு மின்தேக்கி பத்து மடங்கு சிறியதாகப் போயிருக்கலாம். உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், 1 மைக்ரோஃபாரடுக்கு வெட்டு அலைவெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். 0.1 மைக்ரோஃபாரடுக்கு அது 159 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ஒலிகள் படிப்படியாகக் குறைவதால், மிருதங்கத்தின் இடப்பக்க ஒலியும் செண்டையின் கனமும் மெலிந்துபோகும், குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

இங்கே ஏமாற்றுவது புள்ளிக்குப் பதிலாக எழுத்தை எழுதும் முறை. நகலெடுக்கும்போது புள்ளி அழிந்துவிடும் என்பதால், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அலகின் எழுத்தையே வைக்கிறார்கள். `4n7` என்றால் 4.7 நானோ, `2µ2` என்றால் 2.2 மைக்ரோ. எழுத்துக்கு முன்னால் எண் எதுவும் இல்லாதபோது கவனம் வேண்டும்: `µ1` அல்லது `u1` என்றால் 0.1 மைக்ரோஃபாரட், 1 மைக்ரோஃபாரட் அன்று. ஒன்று என்று எழுத வேண்டுமானால் `1µ` என்று எழுதியிருப்பார்கள். `4n7` என்பதை 47 நானோ என்று படிப்பதும் இதே வகைப் பிழை, அதுவும் பத்து மடங்கு.

பாலியெஸ்டர் மின்தேக்கியின் உடலில் `.1K250` போன்ற எழுத்துகள் இருந்தால் அதைக் கிலோவாகவோ 250 நானோவாகவோ படிக்கக் கூடாது. மதிப்பு 0.1 மைக்ரோஃபாரட், `K` என்பது 10 விழுக்காடு கூடுதல் குறைவைக் காட்டும் எழுத்து, 250 என்பது தாங்கும் வோல்ட். `2A104J` என்றிருந்தால் `2A` என்பது 100 வோல்ட்டைக் குறிக்கிறது, `104` மதிப்பு, `J` 5 விழுக்காடு. மதிப்பு பொருந்தினாலும் வோல்ட் குறைந்த பாகத்தைப் பொருத்துவது ஆபத்து. 230 வோல்ட் மின்சாரம் நேரடியாக வரும் இடங்களில் அதற்கென்றே செய்யப்பட்ட வகையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மீட்டரில் உறுதிசெய்யும்போது

அளப்பதற்கு முன்னால் மின்தேக்கியில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக இறக்கிவிடுங்கள். பிறகு அதைச் சுற்றிலிருந்து எடுத்து அளவிடுங்கள், குறைந்தது ஒரு காலையாவது விடுவியுங்கள். சுற்றில் இருக்கும்போது இணையாக உள்ள பாகங்களும் சேர்ந்து வேறொரு எண்ணைக் காட்டும்.

தானாக அலகு மாறும் மீட்டர் ஒரே பாகத்தை ஒருமுறை `9.87 nF` என்றும், வேறு மீட்டர் `.010 µF` என்றும் காட்டலாம். திரையின் ஓரத்தில் உள்ள அலகு எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால், தொடங்கிய பிழைக்கே திரும்பிவிடுவோம். பிக்கோ அளவில் இன்னொரு தடை இருக்கிறது: மீட்டரின் கம்பிகளே சில பத்து பிக்கோஃபாரட் வரை காட்டக்கூடும். ஆகவே 22 பிக்கோஃபாரடை அளக்கும்போது முதலில் கம்பிகளை மட்டும் திறந்து வைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பாகத்தோடு வரும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். மீட்டரில் `REL` பொத்தான் இருந்தால் அதுவே கழித்துக்கொள்ளும்.

எண் எவ்வளவு நெருங்கினால் ஏற்கலாம் என்பதை எழுத்திலிருந்து முடிவு செய்யுங்கள். `103K` என்றால் 9 முதல் 11 நானோஃபாரட் வரை சரி. தொட்டி எச்சரிக்கைச் சுற்றில் இது ஏறத்தாழ 900 முதல் 1100 ஹெர்ட்ஸாக வெளிப்படும். `103Z` என்றால் 8 முதல் 18 நானோஃபாரட் வரை போகலாம், ஏனென்றால் அந்த வகை 20 விழுக்காடு குறையவும் 80 விழுக்காடு கூடவும் இடம் தருகிறது. அலைவெண்ணை முடிவு செய்யும் இடத்தில் `Z` வகையைப் பொருத்திவிட்டு ஒலி சற்றுத் தாழ்கிறது என்று அலகைத் தேடுவதில் பயனில்லை. அங்கே `J` எழுத்துள்ள பாலியெஸ்டர் மின்தேக்கியை வாங்கிப் பொருத்த வேண்டும்.